இன்குபேட்டரில் இடமும் மென்டரிங்கும் கேட்டு விண்ணப்பிப்பவர்களின் கேள்விகள்

தேர்வுக்குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையும், விண்ணப்பிக்கிறவர்களோடு உட்கார்ந்து திருத்திக் கொடுக்கும் வேலையும் எனக்குப் பழக்கம். எல்லா விண்ணப்பப் படிவமும் முக்கியமாகக் கேட்பது மூன்றைத்தான்: ஐடியா என்ன, எந்த நிலையில் இருக்கிறது, டீமில் யார் யார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விளக்குவதற்காக ஒரு கற்பனை டீமை வைத்துக்கொள்கிறேன். ஆய்வகங்களில் தடுப்பூசியும் ரத்த மாதிரியும் வைக்கும் ஃபிரிட்ஜ் பழுதாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் சிறு கருவியைச் செய்கிற மூன்று பேர் அவர்கள்.

இன்குபேட்டர், ஆக்சிலரேட்டர் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு அப்ளை பண்றது?

இல்லை. ஆக்சிலரேட்டர் என்பது குறிப்பிட்ட தேதியில் தொடங்கி, சுமார் மூன்று மாதத்தில் முடியும் தொகுதி. பெரும்பாலும் அவர்களே கொஞ்சம் பணம் போட்டு, பதிலுக்கு ஈக்விட்டி எடுத்துக்கொள்வார்கள். 2005-இல் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் இதற்கு முன்மாதிரி. கடைசியில் முதலீட்டாளர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்பதால், விற்பனையோ பயனர் எண்ணிக்கையோ வேகமாக ஏறக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும்.

இன்குபேட்டர் பொறுமையானது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இடம் கொடுத்து, ஆய்வகத்தையும் ஆட்களையும் அறிமுகப்படுத்தி, பொருள் ஒரு வடிவத்துக்கு வரும்வரை கூட இருக்கும். அதன் தொடக்கமே இடம்தான். 1959-இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா ஊரில், மூடிக்கிடந்த பெரிய தொழிற்சாலைக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்க ஒரே நிறுவனம் கிடைக்காததால், ஜோசப் மன்குசோ அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்குக் கொடுத்தார். கூடவே தொழில் ஆலோசனையும் பொது வசதிகளும் சேர்ந்துகொண்டன.

நம் ஃபிரிட்ஜ் டீமுக்கு இன்குபேட்டர்தான் சரி. கருவியை மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய வேலை அவர்களுடையது. அதை மூன்று மாதத்துக்குள் அடக்க முடியாது.

ஐடியாவை 150 சொல்லுக்குள்ள சொல்லச் சொல்றாங்க. எங்க ஐடியா அதுக்குள்ள அடங்காதே?

அடங்கும். அடங்காமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும் முதல் 80 சொல் உலகத்தைப் பற்றிப் போய்விடுவதுதான். அந்த டீமின் முதல் வரைவு இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம்:

"மருத்துவத் துறையில் குளிர்சங்கிலி மிக முக்கியமானது. உலகெங்கும் ஏராளமான மருந்துகள் வீணாகின்றன. இதற்குத் தீர்வாக ஐஓடி, கிளவுட், டேட்டா அனலிட்டிக்ஸ் ஆகியவற்றை ஒருங்கிணைத்த புதுமையான ஸ்மார்ட் கண்காணிப்புத் தளத்தை உருவாக்குகிறோம்."

இதைப் படித்ததும் குழுவில் இருப்பவர் நினைப்பது ஒன்றுதான்: ஃபிரிட்ஜுக்கு வெப்பநிலை அலாரம் ஏற்கெனவே சந்தையில் நிறைய இருக்கிறதே? அந்தக் கேள்விக்கு வரைவில் பதில் இல்லை. ஆனால் அந்த டீமிடம் பதில் இருக்கிறது, நல்ல பதில். எழுதத்தான் இல்லை. அவர்களைப் பேசவிட்டுக் கேட்டால் இப்படிச் சொல்வார்கள்:

"தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதை விட்டுப் போனதும் அலாரம் அடிக்கும். அப்போது மருந்தை இடம் மாற்ற நேரம் இருக்காது. கேஸ் மெதுவாகக் கசிந்தாலோ கதவு ரப்பர் தளர்ந்தாலோ, உள்ளே வெப்பநிலை சரியாகவே இருக்கும். ஆனால் அதைச் சரியாக வைத்திருக்க கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். மின்கம்பியைச் சுற்றி மாட்டும் எங்கள் கருவி, கம்ப்ரஸர் மணிக்கு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கணக்கெடுத்து, அது நாளுக்கு நாள் ஏறினால் ஆய்வகப் பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்பும். ஃபிரிட்ஜைத் திறக்கவோ மாற்றவோ வேண்டியதில்லை."

இது சுமார் 60 சொல். யாருக்குப் பிரச்சினை, இப்போது என்ன செய்கிறார்கள், அது ஏன் போதவில்லை, நீங்கள் கவனித்த புது விஷயம் எது என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது. இதில் உயிரான வாக்கியம் ஒன்று உண்டு: வெப்பநிலை கெடுவதற்கு முன்பே கம்ப்ரஸர் ஓடும் நேரம் ஏறிவிடும் என்பது. உங்கள் விண்ணப்பத்திலும் அப்படி ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். துறையில் கைவைத்தவருக்கு மட்டும் தெரியக்கூடிய ஒன்று. அதை முதல் ஐந்து வாக்கியத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள், ஏனென்றால் கட்டுக்கட்டாகப் படிக்கிறவர் அதற்குமேல் காத்திருக்க மாட்டார்.

எழுதி முடித்ததும், உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கி வைத்துவிட்டு, "நாங்க என்ன செய்றோம்?" என்று கேளுங்கள். "ஃபிரிட்ஜுக்கு ஏதோ ஆப்" என்று சொன்னால் திரும்ப எழுத வேண்டும். "ஃபிரிட்ஜ் கெடப்போறதை முன்னாடியே சொல்ற மிஷின்" என்று சொன்னால் அனுப்பலாம்.

எங்களுக்குப் போட்டியே இல்லைன்னு எழுதலாமா?

வேண்டாம். இன்று அந்த வேலையை மக்கள் ஏதோ ஒரு விதத்தில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதுதான் உங்கள் போட்டி. ஃபிரிட்ஜ் விஷயத்தில், காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதுகிற ஊழியர் ஒரு போட்டி, வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும் டேட்டா லாகர் ஒரு போட்டி, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் மூன்றாவது. இந்த மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றும் எதைத் தவறவிடுகிறது என்று ஒவ்வொரு வரி எழுதினால் போதும்.

புரோட்டோடைப் இருக்கு, ஆனா விற்பனை இல்லை. எங்க நிலையை எப்படிச் சொல்றது?

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "முன்னேறிய நிலை", "விரைவில் வெளியீடு", "நல்ல வரவேற்பு" இவையெல்லாம் படிப்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. எத்தனை, எங்கே, எவ்வளவு காலம், என்ன ஆயிற்று என்று எழுதினால் அவரே நிலையைப் புரிந்துகொள்வார்.

ஃபிரிட்ஜ் டீம் இப்படி எழுதலாம்: "கையால் சால்டர் செய்த 11 கருவிகள் மூன்று ஆய்வகங்களில் நான்கு மாதமாக ஓடுகின்றன. ஐந்து முறை எச்சரிக்கை வந்தது. அதில் இரண்டு உண்மை: ஒன்றில் கேஸ் கசிவு, ஒன்றில் கதவு ரப்பர். இரண்டையும் வெப்பநிலை எல்லை தாண்டுவதற்கு முன்பே மெக்கானிக் சரிசெய்தார். மூன்று பொய் எச்சரிக்கைகள். மூன்றுமே புதுச் சரக்கை மொத்தமாக அடுக்கிய நாளில் வந்தவை. ஒரு ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட் திடீரென்று போனது; அதை எங்கள் கருவி முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்று ஆய்வகமும் இலவசமாகப் பயன்படுத்துகின்றன. இதுவரை யாரும் பணம் தரவில்லை."

கடைசி மூன்று விஷயங்களை எழுதக் கை வராது: பொய் எச்சரிக்கை, தவறவிட்டது, பணம் வரவில்லை என்பது. ஆனால் இந்தப் பத்தியில் எனக்கு நம்பிக்கை வருவது அங்கேதான். பொய் எச்சரிக்கை ஏன் வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், கருவியை மாட்டிவிட்டுப் போய்விடவில்லை, ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் விஷயத்தைச் சொல்லியிருப்பதால், கருவி மெல்ல வரும் பழுதைப் பிடிக்கும், திடீர்ப் பழுதைப் பிடிக்காது என்ற எல்லை தெளிவாகிறது.

இன்னொரு எல்லையையும் அவர்கள் எழுதியாக வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஃபிரிட்ஜ் ஓடி ஓடி நிற்பதில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைத்தபடி தொடர்ந்து ஓடும். அங்கே "மணிக்கு எத்தனை நிமிடம்" என்ற கணக்கே செல்லாது. குழுவில் குளிரூட்டல் தெரிந்த ஒருவர் இருந்தால் நேர்காணலின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நீங்களே முந்திக்கொண்டு, "இப்போதைக்கு நிலையான வேகக் கம்ப்ரஸருக்கு மட்டும், இன்வெர்ட்டருக்கு மின்னோட்டத்தின் அளவைப் பார்க்கும் முறையைச் சோதிக்கப்போகிறோம்" என்று எழுதிவிட்டால், அந்தக் கேள்வி உங்களை மடக்காது. அதிலிருந்து ஒரு நல்ல உரையாடல் தொடங்கும்.

டிஆர்எல் எண் போடச் சொல்றாங்க. எதைப் போடணும்?

தொழில்நுட்பம் எவ்வளவு தயார் என்பதை 1 முதல் 9 வரை சொல்லும் அளவுகோல் அது. நாசாவில் 1970-களில் தோன்றியது. சுருக்கமாக: 3 என்றால் கருத்து வேலை செய்யும் என்று சோதனையில் காட்டியாயிற்று. 4 என்றால் ஆய்வுக்கூட மேசையில் வேலை செய்கிறது. 5, 6 என்றால் உண்மையான சூழலை ஒத்த இடத்தில் வேலை செய்கிறது. 7 என்றால் உண்மையான பயன்பாட்டு இடத்தில், இறுதி வடிவத்துக்கு நெருக்கமான புரோட்டோடைப் ஓடுகிறது. 9 என்றால் முழுமையான பொருள் களத்தில் நிரூபணமாகிவிட்டது.

நம் டீமின் கருவி உண்மையான ஆய்வகங்களில் ஓடுவதால் 7 போட ஆசை வரும். ஆனால் கையால் சால்டர் செய்த பலகை இறுதி வடிவத்துக்கு நெருக்கமானதல்ல. 6 போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதுவது நல்லது. எண்ணைக் கூட்டிப் போட்டால் நேர்காணலில் அதைக் காப்பாற்றவே நேரம் போய்விடும். மென்பொருள் மட்டும் செய்பவர்களுக்கு இந்த அளவுகோல் அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எத்தனை பேர் இரண்டாவது மாதமும் திரும்ப வருகிறார்கள் என்று எழுதுவது மேல்.

டீம் பகுதியில என்ன எழுதணும்? படிப்பு, வேலை அனுபவம் எல்லாம் போடணுமா?

பயோடேட்டா வேண்டாம். இந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், அதில் எது யாரிடம் இருக்கிறது, எது யாரிடமும் இல்லை என்று எழுதுங்கள். நம் டீமில் ஒருவர் எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர், முழுநேரம். அடுத்தவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாரத்தில் இரண்டு நாள் தருகிறார். மூன்றாமவர் ஆய்வகக் கருவி விற்கும் நிறுவனத்தில் வேலையில் இருந்துகொண்டே மாலையில் உதவுகிறார்.

முதல் வரைவில் மெக்கானிக் "தொழில்நுட்ப ஆலோசகர்" என்று கடைசி வரியில் இருந்தார். என் கண்ணில் இந்த டீமின் பலமே அவர்தான். கம்ப்ரஸர் ஓடும் நேரத்தைக் காதால் கேட்டே "இதில் கேஸ் குறைந்திருக்கிறது" என்று சொல்லக்கூடியவர். கருவியின் மூலக் கருத்து அவருடைய காதிலிருந்து வந்தது. பட்டம் இல்லை என்பதற்காக அவரைப் பின்னால் தள்ளினால், டீமின் மிக அரிய தகுதியை நீங்களே மறைக்கிறீர்கள். அவரை முதலில் எழுதுங்கள்.

யார் எத்தனை மணி நேரம் தருகிறார்கள் என்பதை மறைக்காதீர்கள். பகுதிநேரம் என்பது தள்ளுபடிக்குக் காரணமாவது குறைவு. முழுநேரம் என்று எழுதிவிட்டு நேர்காணலுக்கு "ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை" என்று வராமல் போவதுதான் சிக்கல். "நாங்கள் கேட்கும் மென்டரிங்கில் விலை முடிவாகி, முதல் ஐந்து ஆய்வகம் பணம் தந்ததும் மூன்றாமவர் வேலையை விடுவார்" என்று நிபந்தனையோடு எழுதினால் நேர்மையாகவும் இருக்கும், திட்டமாகவும் இருக்கும்.

வேலையில் இருப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அவருடைய வேலை ஒப்பந்தத்தில், பணிக்காலத்தில் அவர் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று இருக்கிறதா? அவர் விற்கும் கருவிகளும் இவர்கள் செய்யும் கருவியும் ஒரே துறை என்பதால் இது சும்மா விடக்கூடிய விஷயமில்லை. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்த பிறகு இது வெளிவந்தால் எல்லாமே நின்றுவிடும்.

பங்கு பிரிச்சாச்சான்னு கேக்கறாங்க. நண்பர்கள்தானே, சமமா வச்சிருக்கோம். போதாதா?

சமமாக வைத்திருப்பதில் தவறில்லை. ஆறாவது மாதத்தில் ஒருவர் விலகினால் அவருடைய மூன்றில் ஒரு பங்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் வெஸ்ட்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும் ஏற்பாடு. பரவலான வழக்கம் நான்கு ஆண்டு வெஸ்ட்டிங், முதல் ஓராண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது என்ற நிபந்தனையோடு. ஒரு வருடம் முடிந்ததும் உங்கள் பங்கில் கால்வாசி உங்களுடையதாகும்; மீதி மாதாமாதம் சேரும். பாதியில் போகிறவர் சம்பாதித்ததை மட்டும் எடுத்துப் போவார்.

இதைப் பேசி, ஒரு பக்கத்தில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டபின் விண்ணப்பத்தில் ஒரே வரி போதும். பேசவே தயங்குகிறீர்கள் என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பேசுங்கள்.

நான் ஒரே ஆள்தான். எடுப்பாங்களா?

எடுக்கிறவர்கள் உண்டு, ஆனால் "எல்லாம் நானே செய்வேன்" என்று எழுதினால் கடினம். உங்களால் முடியாத வேலை எது, அதற்கு இப்போது யாரைக் கூலிக்கு வைத்திருக்கிறீர்கள், எப்போது கூட்டாளி தேடுவீர்கள் என்று எழுதுங்கள். படிவத்துக்காக யாரையாவது இணை நிறுவனர் என்று சேர்க்காதீர்கள். நேர்காணலில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்.

இடம் எதுக்கு வேணும்னு ஒரு பகுதி இருக்கு. "அலுவலக வசதி" ன்னு போட்டாப் போதுமா?

போதாது. மேசை வேண்டுமா, ஆய்வகம் வேண்டுமா, பதிவு செய்ய முகவரி மட்டும் வேண்டுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். நம் டீமுக்கு வேண்டியது: சால்டர் செய்யப் புகை வெளியேறும் வசதியுள்ள ஒரு வேலை மேசை, இரவும் பகலும் ஓடும் இரண்டு பழைய ஃபிரிட்ஜ் வைக்க இடம், அதற்கான தடையில்லா மின்சாரம், இரவில் போய்வர அனுமதி. வேண்டுமென்றே கேஸைக் குறைத்துப் பழுதை உண்டாக்கிச் சோதிப்பது அவர்கள் திட்டம். அதற்குக் காற்றோட்டமும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். சில வகை ஃபிரிட்ஜ் வாயு எளிதில் தீப்பற்றும். இத்தனையும் எழுதினால், தங்கள் கட்டடத்தில் இது முடியுமா என்று இன்குபேட்டரும் அப்போதே சொல்லிவிடும்.

லேப்டாப்பில் முடிகிற வேலை என்றால், இடம் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். பல இன்குபேட்டர்களில் நேரில் வராமலே சேரும் பிரிவு உண்டு. அதில் போட்டியும் செலவும் பெரும்பாலும் குறைவு.

அவர்களிடம் நீங்களும் கேளுங்கள்: வாடகை உண்டா, ஈக்விட்டி எடுப்பார்களா, எத்தனை மாதம், நீட்டிக்க முடியுமா, அவர்கள் ஆய்வகத்தில் உருவானது யாருக்குச் சொந்தம். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள், குறிப்பாகப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் இன்குபேட்டர் என்றால்.

மென்டரிங் பகுதியில எல்லாத் துறையிலயும் வழிகாட்டல் வேணும்னு போட்டிருக்கேன். சரிதானே?

அப்படிப் போட்டால் யாரை உங்களோடு சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் அடுத்து எடுக்கவேண்டிய ஒரு முடிவை எழுதுங்கள். நம் டீம் திணறுவது எதில்? ஆய்வகத்திடம் ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குவதா, அல்லது பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்களுக்குக் கருவியை விற்பதா என்பதில். முதல் வழியில் வாங்குபவர் பலர், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது வழியில் வாங்குபவர் சிலர்தான், ஆனால் பழுதை முன்கூட்டிச் சொல்வதால் தங்கள் மெக்கானிக்கின் அவசர ஓட்டம் குறையும் என்பது அவர்களுக்கு உடனே புரியும். "இதில் முடிவெடுக்க, பராமரிப்பு ஒப்பந்தத் தொழில் நடத்திய ஒருவரோடு மாதம் இருமுறை பேச வேண்டும்" என்று எழுதினால், மேலாளர் தன் மென்டர் பட்டியலைத் திறந்து பெயர் தேட ஆரம்பித்துவிடுவார்.

விவரமா எழுதினா ஐடியாவைத் திருடிட மாட்டாங்களா?

குழுவினரிடம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்காதீர்கள்; பெரும்பாலும் போடமாட்டார்கள், ஒரே மாதிரி ஐடியாக்கள் அவர்களிடம் நிறைய வரும் என்பதால். என்ன அளக்கிறோம், என்ன பலன் கிடைத்தது என்பதை எழுதுங்கள். எச்சரிக்கை எந்தக் கணக்கில் வருகிறது என்ற உள்விவரம் வேண்டாம்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் மட்டும் உஷாராக இருங்கள். பல நாடுகளில் விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பு பொதுவெளியில் வந்துவிட்டால் புதுமை போய்விட்டது என்று கொள்வார்கள். மூடிய படிவத்தைவிட, எல்லோரும் பார்க்கும் பிட்ச் நிகழ்ச்சியும் வீடியோவும்தான் ஆபத்து. முதலில் காப்புரிமை விண்ணப்பம், பிறகு மேடை.

போன தடவை எடுக்கலை. அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பலாமா?

அதே படிவம் அதே பதில்களோடு வந்தால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். காரணம் கேட்டு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாதம் வேண்டாம். பதில் வராவிட்டாலும், நேர்காணலில் எந்தக் கேள்வியை அவர்கள் இரண்டு முறை கேட்டார்கள் என்று யோசித்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும். நம் டீமிடம் "பணம் யார் தருவார்கள்?" என்று இரண்டு முறை கேட்டிருந்தால், அடுத்த சுற்றுக்குள் செய்ய வேண்டியது கருவியை மெருகேற்றுவது அல்ல; மூன்று ஆய்வகத்தில் ஒன்றிடமாவது சிறு தொகையாவது கட்டணமாகக் கேட்டுப் பார்ப்பது. கொடுத்தாலும் எழுதலாம், மறுத்தால் என்ன சொல்லி மறுத்தார்கள் என்பதையும் எழுதலாம். புது விண்ணப்பத்தின் நிலைப் பகுதியில், "சென்ற முறைக்குப் பின் மாறியது" என்று தனி வரியாக அதைப் போடுங்கள்.